புகார் மெயில் சரியான மேசைக்குப் போய்ச் சேர: சப்ஜெக்ட் வரியும் முதல் வாக்கியமும்

ஒரு நிறுவனத்தின் பொது மெயில் பெட்டியைப் பிரித்து அனுப்பும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். புகார்களைத் தீர்ப்பது என் வேலை இல்லை. வந்த மெயிலைப் பார்த்து, இது பில்லிங், இது டெலிவரி, இது கணக்குப் பிரிவு என்று தள்ளிவிடுவதோடு என் வேலை முடிந்தது. காலையில் வந்து உட்கார்ந்தால் திரையில் நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரே ஒரு வரி: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அதையொட்டி மெயிலின் முதல் சில சொற்கள் சாம்பல் நிறத்தில். அவ்வளவுதான். பாதிக்கு மேல் சப்ஜெக்ட்கள் "புகார்", "மிக அவசரம்", "உங்கள் சேவை மோசம்" என்றே இருக்கும். புகார் பெட்டிக்கு வரும் மெயில் புகார்தான் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன!

முதலில் மெயிலைப் பார்ப்பவருக்கு உங்கள் பிரச்சினையைத் தீர்க்கும் அதிகாரம் கிடையாது. அவர் உங்கள் சப்ஜெக்டைப் பார்த்துச் சில நொடிகளில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுப்பார். பல இடங்களில் அந்த ஆள்கூட இல்லை. சப்ஜெக்டில் இன்ன சொல் இருந்தால் இன்ன பிரிவு என்று மென்பொருளில் விதி எழுதி வைத்திருப்பார்கள். ஆக, சப்ஜெக்ட் வரி யாருக்காக என்று கேட்டால், பிரித்து அனுப்புபவருக்காக. அவர் கையில் முகவரி எழுதிய உறையைக் கொடுப்பதுபோலத்தான் அதை எழுத வேண்டும்.

ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்த்துவிடலாம். எங்கள் பெட்டியில் அடிக்கடி வழிதவறிய வகை இது: பொருள் நல்லபடியாக வந்துவிட்டது, ஆனால் கார்டிலிருந்து பணம் இருமுறை போயிருக்கிறது.

வழிதவறிய மெயில்

இப்படி வரும்:

> சப்ஜெக்ட்: ஆர்டர் பிரச்சினை – அவசரம்!!!
>
> வணக்கம். நான் உங்கள் நிறுவனத்தின் நீண்ட நாள் வாடிக்கையாளர். இதுவரை எத்தனையோ முறை உங்களிடம் பொருள் வாங்கியிருக்கிறேன், ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. ஆனால் இந்த முறை…

பணம் இருமுறை போன செய்தி மூன்றாவது பத்தியில் இருக்கும். பட்டியலில் எனக்குத் தெரிவதோ "ஆர்டர் பிரச்சினை" என்பதும், "வணக்கம். நான் உங்கள் நிறுவனத்தின் நீண்ட நாள்" என்பதும்தான். ஆர்டர் பிரச்சினை என்றால் பத்து மெயிலில் எட்டு, பொருள் வரவில்லை என்பதாகவே இருக்கும் என்பது என் அப்போதைய கணிப்பு. டெலிவரிக்குத் தள்ளிவிடுவேன்.

டெலிவரிக்காரர் ஆர்டர் எண்ணைப் போட்டுப் பார்ப்பார். பொருள் சேர்ந்துவிட்டது என்று திரை சொல்லும். "உங்கள் பொருள் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது" என்று ஒரு பதில் போட்டு, அந்த மெயிலுக்காக மென்பொருளில் திறந்திருக்கும் புகார்ப் பதிவை, அதாவது டிக்கெட்டை, மூடிவிடுவார். படிக்காமல் பதில் போட்டார்களே என்று வாடிக்கையாளர் கொதிப்பார்; நியாயம்தான். அவர் கோபத்தோடு போடும் பதிலும் அதே டிக்கெட்டில், அதே டெலிவரி மேசைக்கே வரும். அங்கே யாராவது நிதானமாகப் படித்தால்தான் பில்லிங்குக்கு மாறும். பல பிரிவுகளில் மாறி வரும் டிக்கெட் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். முதல் நாளே சரியாகப் போயிருந்தால் அதற்குள் விசாரணை தொடங்கியிருக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்தத் திரை?

எழுத உட்காரும் முன் ஒரே கேள்வி: என் பிரச்சினையைத் தீர்க்க ஒருவர் எந்தப் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும்? டெலிவரிக்காரர் பார்ப்பது பொருள் எங்கே இருக்கிறது என்ற பதிவு. பில்லிங்காரர் பார்ப்பது பணம் எப்போது, எவ்வளவு பிடித்தோம் என்ற பதிவு. தொழில்நுட்பப் பிரிவு பார்ப்பது லாகின், பிழைச் செய்தி முதலியவை. ஒருவர் திரையில் மற்றவருடையது பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் மாற்ற முடியாது.

நம் உதாரணத்தில் பொருள், ஆர்டர், பணம் மூன்றும் இருக்கின்றன. ஆனால் திறக்க வேண்டியது பணம் பிடித்த பதிவு மட்டும். எனவே பில்லிங்.

பணம் என்ற சொல் வந்தாலே பில்லிங் என்று நினைத்துவிடாதீர்கள். உடைந்த பொருள் வந்திருக்கிறது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றால், முதலில் பொருள் உடைந்திருப்பதை ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ரிட்டர்ன் பிரிவின் வேலை. அவர்கள் அனுமதித்த பிறகுதான் பில்லிங் பணத்தை விடும். இப்படிப்பட்ட மெயிலில் "ரீஃபண்ட் வேண்டும்" என்று சப்ஜெக்ட் போட்டால் நேராக பில்லிங்குக்குப் போய், அங்கிருந்து "ரிட்டர்ன் அனுமதி இல்லை" என்று திரும்பும். சப்ஜெக்டில் நடந்ததைச் சொல்லுங்கள். கேட்பதை உள்ளே சொல்லலாம்.

அவர்களுடைய சொல்லைத் தேடிப் பிடியுங்கள்

ஆர்டர் போட்டதும் வந்த உறுதி மெயிலையும் ரசீதையும் திறந்து வையுங்கள். பணம் செலுத்துவதை அவர்கள் "பேமென்ட்" என்கிறார்களா, "கட்டணம்" என்கிறார்களா? ஆர்டர் எண் என்கிறார்களா, குறிப்பு எண்ணா, இன்வாய்ஸ் எண்ணா? அதே சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய விதிகளும் தேடலும் அந்தச் சொற்களில்தான் இருக்கும். நிறுவனம் வேறு மொழியில் மெயில் அனுப்புகிறது என்றால் சப்ஜெக்டையாவது அந்த மொழியில் எழுதிவிடுவது நல்லது.

எண்ணை மட்டும் கைப்பட அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் இலக்கம் மாறினால் இன்னொருவர் ஆர்டர் திறக்கும். அல்லது எதுவுமே திறக்காது. "எண்ணைச் சரிபார்த்து அனுப்பவும்" என்று பதில் வரும்.

பெறுநர் முகவரியையும் ஒருமுறை பாருங்கள். no-reply என்று தொடங்கும் முகவரிக்கு அனுப்பினால் பெரும்பாலும் யாரும் படிக்கமாட்டார்கள். மெயிலுக்குப் பதிலாகத் தளத்தில் படிவம் இருந்து, அதில் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்தத் தேர்வுதான் பெரும்பாலும் பிரிவை முடிவு செய்யும், சப்ஜெக்ட் இரண்டாம்பட்சம். எது பொருந்தும் என்று குழம்பினால் "மற்றவை"யை மட்டும் தொடாதீர்கள். அது யாரும் ஆசையாக எடுக்காத குவியலுக்குப் போகும்.

சப்ஜெக்ட் வரி

மூன்று துண்டுகள் போதும்: என்ன நடந்தது, எதற்கு, எந்த எண். இதே வரிசையில்.

> பணம் இருமுறை பிடிக்கப்பட்டது – ஆர்டர் 48213

வரிசைக்குக் காரணம் இருக்கிறது. போன் திரையில் சப்ஜெக்டின் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதி வெட்டுப்படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை வேறு. அதனால் முதல் மூன்று சொற்களிலேயே பிரிவு தெரிந்துவிட வேண்டும். "ஆர்டர் 48213 தொடர்பாக நடந்த ஒரு தவறு குறித்து" என்று தொடங்கினால், தவறு என்ன என்பது தெரிவதற்குள் வரி முடிந்துவிடும். "தொடர்பாக", "குறித்து", "சம்பந்தமாக" ஆகியவை இடத்தை அடைத்துக்கொள்ளும் சொற்கள். பழைய விண்ணப்பப் பழக்கம், விட்டுவிடுங்கள்.

"பிரச்சினை" என்ற சொல்லையும் நான் போடமாட்டேன். "பேமென்ட் பிரச்சினை" என்றால் பணம் செலுத்தவே முடியவில்லை என்பதாகவும் இருக்கலாம். அது தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகும். "இருமுறை பிடிக்கப்பட்டது" என்று வினைச்சொல்லோடு எழுதினால் வேறு பொருளுக்கு இடமே இல்லை.

இன்னொரு பிரிவுக்குரிய சொல் சப்ஜெக்டில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "டெலிவரி ஆன ஆர்டருக்குப் பணம் இருமுறை" என்று நல்லெண்ணத்தோடு எழுதுவார்கள். ஆனால் சொல்லைத் தேடும் விதி வாக்கியத்தின் பொருளைப் பார்ப்பதில்லை. "டெலிவரி" என்று கண்டதும் அங்கே தள்ளிவிடும்.

"அவசரம்" பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பெட்டியில் அந்தச் சொல் அவ்வளவு மலிந்திருந்ததால் கண்ணே அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. உண்மையிலேயே ஒரு கெடு இருந்தால் கெடுவையே எழுதுங்கள்: "சந்தா மார்ச் 9 அன்று புதுப்பிக்கப்படும் – ரத்து ஆகவில்லை – கணக்கு 7716". தேதியைப் பார்த்தால் பிரிப்பவர் கை நிற்கும். மூன்று ஆச்சரியக்குறிகளோ வேறு கெடுதல் செய்யும்: மெயிலைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ளும் கணக்கில் அவையும் சேரலாம்.

சப்ஜெக்டில் எதை எழுதவே கூடாது என்றால், கார்டு எண், கடவுச்சொல், ஓடிபி. சப்ஜெக்ட் வரி போனின் பூட்டிய திரையில்கூட அறிவிப்பாகத் தெரியும். மெயிலின் உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்து அனுப்பும் முறைகளிலும் சப்ஜெக்ட் வழக்கமாகத் திறந்தபடியே போகும். கார்டைக் குறிப்பிட வேண்டுமென்றால் உள்ளே, கடைசி நான்கு இலக்கங்கள் போதும்.

முதல் வாக்கியம்

சப்ஜெக்டை அடுத்துச் சாம்பல் நிறத்தில் தெரியும் துண்டுதான் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. அதை அறிமுகத்துக்குச் செலவழிக்க வேண்டாம். "வணக்கம்" என்ற ஒரு சொல் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதற்கப்புறம் நேராக விஷயம்:

> வணக்கம். மார்ச் 4 அன்று என் கார்டிலிருந்து ஆர்டர் 48213-க்காக 1,240 இரண்டு முறை பிடிக்கப்பட்டுள்ளது. ஒரு தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நாள், எதிலிருந்து, எதற்காக, எவ்வளவு, என்ன வேண்டும் என எல்லாம் இதில் வந்துவிட்டன. பில்லிங்காரர் இதை மட்டும் வைத்துக்கொண்டே பதிவைத் திறந்துவிடலாம். சப்ஜெக்ட் சொன்னதையே இது கொஞ்சம் திருப்பிச் சொல்வதுபோல் இருக்கும், இருக்கட்டும். டிக்கெட் கைமாறும்போது சில மென்பொருள்களில் சப்ஜெக்ட் ஒரு மூலையில் சிறிதாகிவிடும், உள்ளடக்கம்தான் பெரிதாகத் தெரியும். முதல் வாக்கியம் தனியாக நின்றாலும் புரிய வேண்டும்.

அடுத்த வாக்கியத்துக்கு நான் ஒரு தனி வேலை கொடுப்பேன்: தவறான கதவை மூடுவது.

> பொருள் சரியாக வந்து சேர்ந்தது, டெலிவரியில் குறை ஏதும் இல்லை.

இந்த வரி இருந்தால், மெயில் தப்பித்தவறி டெலிவரி மேசைக்குப் போனாலும் அங்கிருப்பவர் "சேர்ந்துவிட்டது" என்று பதில் போட்டு மூட முடியாது. எந்தப் பிரிவோடு உங்கள் புகார் குழம்பும் என்று யோசித்து, அந்தப் பிரிவுக்கான ஒரே ஒரு மறுப்பு. பட்டியல் போட வேண்டாம்.

மூன்றாவதாக, அந்தப் பிரிவு முதலில் கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில். இருமுறை பிடித்த புகாரில் அது பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டும் உண்மையிலேயே பிடிக்கப்பட்டவையா, அல்லது ஒன்று நிறுத்திவைப்பு மட்டுமா? கார்டில் பணம் போகும்போது வங்கி முதலில் தொகையை ஒதுக்கி வைக்கும், பிறகுதான் அது விற்பவருக்குப் போகும். ஒதுக்கிவைத்தது மட்டும் தொங்கி நின்றால் உங்கள் வங்கிச் செயலியில் Pending என்றோ அதற்கு இணையான சொல்லோ தெரியும். அது சில நாளில் தானாக விலகிவிடக்கூடும். விற்பவர் கையில் திருப்பித் தரப் பணமே வந்திருக்காது. ஆகவே எழுதும் முன் வங்கிப் பதிவைப் பாருங்கள். இரண்டு வரியும் முடிவான பதிவுகளாக இருந்தால் அதைச் சொல்லுங்கள்:

> வங்கிப் பதிவில் இரண்டு தொகைகளும் முடிவாகிவிட்டன, நிறுத்திவைப்பு அல்ல, படம் இணைத்திருக்கிறேன்.

ஒன்று Pending என்றிருந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். இதைப் பார்க்காமல் எழுதிய மெயில்கள்தான் எங்கள் பில்லிங் பிரிவில் அதிகம் திரும்பின.

நீண்ட நாள் வாடிக்கையாளர் என்பதைச் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம், கடைசிப் பத்தியில். அங்கே அது யாரையும் தடுக்காது.

எந்தப் பிரிவு என்று தெரியாதபோது

வெளியே இருப்பவருக்கு நிறுவனத்தின் உள்கட்டமைப்பு தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெரியாவிட்டால் ஊகித்துப் பிரிவின் பெயரை எழுதுவதைவிட, நடந்ததை எழுதிவிட்டுத் திரையைச் சொல்லுங்கள்: "கார்டில் பணம் பிடித்த பதிவைப் பார்க்கக்கூடியவருக்கு இதை அனுப்புங்கள்." "சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பவும்" என்பதைவிட இது பலமடங்கு உதவும். யார் சம்பந்தப்பட்டவர் என்று கண்டுபிடிக்கும் வேலையை இது பிரிப்பவரிடமே திருப்பித் தருவதில்லை.

பழைய மெயிலுக்குப் பதிலாகப் புதிய புகார் அனுப்பாதீர்கள்

இது கண்ணுக்குத் தெரியாத பள்ளம். போன மாதம் டெலிவரி தாமதத்துக்காக எழுதிய மெயில் பெட்டியில் கிடக்கிறது. முகவரி தேடும் வேலை மிச்சம் என்று அதைத் திறந்து, சப்ஜெக்டை மாற்றி, புதிய புகாரை அடித்து அனுப்புகிறார்கள். சப்ஜெக்டை மாற்றினாலும் அந்த மெயிலின் தலைப்பகுதியில் In-Reply-To என்ற குறிப்பு பழைய மெயிலைச் சுட்டிக்கொண்டே இருக்கும். டிக்கெட் மென்பொருள் பலவும் அதைப் படித்து, புதிய புகாரைப் பழைய டெலிவரி டிக்கெட்டில் கோத்துவிடும். அந்த டிக்கெட் மூடியிருந்தால் இன்னும் மோசம். புதிய விஷயம் என்றால் வெற்று மெயிலைத் திறந்தே எழுதுங்கள்.

அதே விஷயத்தில் பின்தொடர்வது என்றால் நேர் எதிர்: வந்த பதிலுக்கே பதில் போடுங்கள். சப்ஜெக்டில் [#20417] என்பதுபோல் ஓர் எண் சேர்ந்திருக்கும். அதுதான் டிக்கெட், அழிக்காதீர்கள்.

இரண்டு குறைகள் இருந்தால் இரண்டு மெயில். பணமும் இருமுறை போய், பெட்டியில் ஒரு பொருளும் குறைந்திருந்தால், ஒரே மெயிலில் எழுதும்போது முதலில் வரும் குறைக்குரிய பிரிவுக்குத்தான் அது போகும். அவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு டிக்கெட்டை மூடுவார்கள். இரண்டாவது குறை மூடிய டிக்கெட்டின் அடியில் கிடக்கும். நிறுவனத்தின் ஐந்து முகவரிகளுக்கும் சேர்த்து நகல் போடுவதும் இப்படித்தான்: ஐந்து டிக்கெட் பிறக்கும், இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விடுவார்கள்.

தவறான மேசைக்குப் போய்விட்டால்

பதிலைப் பார்த்தாலே தெரியும். நீங்கள் பணம் பற்றி எழுதியிருக்க, பொருளின் படம் கேட்டால் மெயில் ரிட்டர்ன் பிரிவில் இருக்கிறது. கூரியர் எண்ணைத் தந்தால் டெலிவரியில். தானியங்கி ஒப்புகையிலேயே சில சமயம் பிரிவின் பெயர் இருக்கும். அனுப்பிய உடனே அதைப் படித்தால், பதில் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே திருத்திவிடலாம்.

திருத்துவதற்குப் புதிதாகக் கதை சொல்ல வேண்டாம், கோபமும் இப்போது உதவாது. எதிரே இருப்பவர் தவறாக வந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்தான். ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிவிட அவருக்கும் ஆசை இருக்கும். அதே தொடரில், முதல் வரியாக:

> இது டெலிவரி பற்றியது இல்லை. ஆர்டர் 48213-க்குப் பணம் இருமுறை பிடிக்கப்பட்டது பற்றியது. தயவுசெய்து பில்லிங் பிரிவுக்கு மாற்றி, மாற்றியதும் எனக்கு ஒரு வரி தெரிவியுங்கள்.

கடைசியில் கேட்கும் அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். அது வந்தால் மெயில் இப்போது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு நாளில் வராவிட்டால் அது இன்னும் பழைய மேசையிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதே தொடரில் அதே வரியை மறுபடி அனுப்பலாம்.